தொகுப்புத் தாள் ஒன்றா, செமஸ்டர் தாள்கள் ஏழா: எங்கே எதை அனுப்புவது?

“அண்ணா, கோயம்புத்தூரில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணினி அறிவியல் பட்டம் முடித்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்பியிருக்கிறேன். செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களும் கன்சாலிடேட்டட் மதிப்பெண் பட்டியலும் கையில் இருக்கின்றன. மூன்றாம் செமஸ்டரில் புள்ளியியலில் ஒரு அரியர்; அடுத்த தேர்விலேயே எழுதித் தேறிவிட்டேன். கொழும்பு நிறுவனம் ஒன்று ட்ரான்ஸ்கிரிப்ட் கேட்கிறது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று கன்சாலிடேட்டட் அல்லது எல்லா செமஸ்டர் தாள்களும் என்கிறது. எதை அனுப்புவது? கன்சாலிடேட்டட் மட்டும் கொடுத்தால் அரியர் வெளியே தெரியாது அல்லவா?”

தம்பி, கொழும்பு நிறுவனத்துக்குத் தொகுப்புத் தாளை, அதாவது நீங்கள் கன்சாலிடேட்டட் என்று சொல்வதை, அனுப்புங்கள். இங்கிலாந்துக்கு இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். அரியர் தெரியாது என்று நினைப்பதை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். விண்ணப்பக் கோப்புகளைச் சரிபார்க்கும் மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது தெரியும், அதுவும் தொகுப்புத் தாளிலேயே தெரியும். முதலில் அதை விளக்கிவிடுகிறேன். அது புரிந்தால் யாருக்கு எந்தத் தாள் என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

நீங்கள் 2021இல் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் செமஸ்டர் தேர்வு 2021 நவம்பர், இரண்டாவது 2022 ஏப்ரல், மூன்றாவது 2022 நவம்பர், நான்காவது 2023 ஏப்ரல், ஐந்தாவது 2023 நவம்பர், ஆறாவது 2024 ஏப்ரல். செமஸ்டர் தாள் என்பது ஒரு குறிப்பிட்ட தேர்வில் என்ன நடந்தது என்பதன் பதிவு. 2022 நவம்பர் தாளில் புள்ளியியலுக்கு எதிரே அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும், எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணும், அவற்றுக்குப் பக்கத்தில் ‘மீண்டும் எழுத வேண்டும்’ என்பதைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். அந்தத் தாள் அப்படியேதான் நிற்கும். நீங்கள் பிறகு தேறியதற்காக அதை யாரும் திருத்தித் தரமாட்டார்கள். தேறிய செய்தி 2023 ஏப்ரல் தேர்வின் தாளில் வரும். சில பல்கலைக்கழகங்கள் நான்காம் செமஸ்டர் பாடங்களுக்குக் கீழே அதே தாளில் சேர்த்து அச்சிடும். வேறு சில, அரியர் பாடத்துக்கென்று தனித் தாள் தரும்.

தொகுப்புத் தாள் வேறு வகையானது. படிப்பு முழுவதும் முடிந்த பிறகு ஒரே ஒரு முறை வழங்கப்படுவது. எல்லாப் பாடங்களும், ஒவ்வொன்றிலும் தேறிய மதிப்பெண்ணும், கிரெடிட்டும், கடைசியில் சி.ஜி.பி.ஏ.யும், பெற்ற வகுப்பும் அதில் இருக்கும். தோற்ற முயற்சிகள் இருக்கமாட்டா. ஆனால் பெரும்பாலான தொகுப்புத் தாள்களில் ‘தேறிய மாதமும் ஆண்டும்’ என்று ஒரு சிறிய பத்தி உண்டு. உங்கள் தாளை எடுத்து அந்தப் பத்தியின் மேல் விரலை வைத்து மூன்றாம் செமஸ்டர் வரிகளில் கீழே இறங்கிப் பாருங்கள். நவம்பர் 2022, நவம்பர் 2022, நவம்பர் 2022 என்று வந்துகொண்டிருக்கும்போது புள்ளியியலுக்கு மட்டும் ஏப்ரல் 2023 என்று நிற்கும். பழகிய கண்ணுக்கு அரை நிமிடம் போதும். கோப்பு கைக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது மொத்த மதிப்பெண்ணை அல்ல, அந்தப் பத்தியைத்தான்.

ஆகவே மறைப்பது என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. மறைக்கவேண்டிய தேவையும் இல்லை. அரியர் பற்றி நிறுவனங்கள் வைக்கும் நிபந்தனை இரண்டு வகைப்படும், அவை இரண்டும் வெவ்வேறு. ‘நிலுவையில் அரியர் இருக்கக்கூடாது’ என்பது ஒன்று. இன்றைக்கு எல்லாப் பாடமும் தேறியிருந்தால் போதும் என்பது அதன் பொருள். உங்களுக்கு அது பொருந்துகிறது, தொகுப்புத் தாளே அதற்குச் சான்று. ‘படிப்புக் காலத்தில் ஒரு முறைகூட அரியர் இருந்திருக்கக்கூடாது’ என்பது மற்றொன்று. இப்படிக் கேட்கும் இடத்தில் செமஸ்டர் தாள்கள் அனைத்தையும் கேட்பார்கள், ஏனென்றால் முழு வரலாறும் அவற்றில்தான் இருக்கிறது. விளம்பரத்தில் எந்தச் சொற்றொடர் இருக்கிறது என்று நிதானமாக வாசியுங்கள். முதல் வகை நிபந்தனையை இரண்டாம் வகை என்று தவறாக எடுத்துக்கொண்டு, தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். மனதுக்கு வருத்தமாக இருக்கும்.

இனி கொழும்பு நிறுவனம். அவர்கள் சொல்லும் ட்ரான்ஸ்கிரிப்ட் என்ற சொல்லில்தான் சிக்கல். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மாணவருக்கு ஒவ்வொரு செமஸ்டருக்கும் முத்திரையிட்ட தனித்தாள் கையில் கொடுப்பது வழக்கமில்லை. பெறுபேறுகள் அறிவித்தல் பலகையிலோ இணையத்திலோ வெளியாகும். இறுதியில் விண்ணப்பித்துப் பணம் கட்டினால் எல்லாப் பாடங்களும் அடங்கிய ஒரே ஆவணம் பதிவாளர் பக்கத்திலிருந்து வரும். அதற்குத்தான் இங்கே ட்ரான்ஸ்கிரிப்ட் என்று பெயர். ஆகவே கொழும்பில் இருக்கும் ஆட்சேர்ப்பு அலுவலர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் மனதில் இருப்பது உங்கள் தொகுப்புத் தாள்தான். தமிழ்நாட்டிலோ அந்தச் சொல்லுக்கு வேறு நடைமுறை. அங்கே ட்ரான்ஸ்கிரிப்ட் என்பது தனியாக விண்ணப்பித்துப் பெறும் ஆவணம். பல இடங்களில் அது செமஸ்டர் தாள்களின் பிரதிகளைப் பல்கலைக்கழகமே சான்றுப்படுத்தி, உறையில் இட்டு, ஒட்டிய மடிப்பின் மேல் முத்திரை குத்தித் தருவதாகவே இருக்கும்.

இந்த வேறுபாடு தெரியாமல், ‘ட்ரான்ஸ்கிரிப்ட் இன்னும் கிடைக்கவில்லை’ என்று கொழும்புக்குப் பதில் எழுதிவிட்டு, கோயம்புத்தூருக்கு விண்ணப்பம் அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள். தொகுப்புத் தாளையும் தற்காலிகப் பட்டச் சான்றிதழையும் இணைத்து, ‘ஆறு செமஸ்டர்களின் பெறுபேறுகளும் அடங்கிய இறுதி ஆவணம் இது, தனித்தனித் தாள்களும் கைவசம் உள்ளன’ என்று இரண்டு வரி எழுதுங்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைத்தால் எல்லா மூலப் பிரதிகளையும் எடுத்துச் செல்லுங்கள். விண்ணப்பக் கட்டத்தில் ஒரு பக்கத்தில் முடிவைப் பார்க்க விரும்புகிறவர்கள், வேலையில் சேரும் நாளில் ஒவ்வொரு தாளையும் கேட்பது மிகச் சாதாரணம். பின்புலச் சரிபார்ப்புக்கு வெளி நிறுவனத்தை அமர்த்தியிருந்தால் அவர்கள் உங்கள் பதிவு எண்ணை வைத்துத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திடமே கேட்டுவிடுவார்கள்.

அரசாங்க வேலை என்றால், அல்லது இங்குள்ள பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்பு என்றால், இதற்கு மேலும் ஒரு படி உண்டு. நீங்கள் படித்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டது என்பதற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கடிதம் கேட்கப்படலாம். அங்கே பட்டச் சான்றிதழோடு போகவேண்டியது முழுப் பெறுபேறுகளையும் காட்டும் ஆவணம். அதோடு, அரச விளம்பரங்களில் பட்டம் வலுவுக்கு வரும் திகதி முக்கியம். தொகுப்புத் தாளில் கடைசிப் பாடம் தேறிய மாதம் மட்டுமே இருக்கும் என்பதால் தற்காலிகச் சான்றிதழ் இல்லாமல் அதைத் தனியே அனுப்பக்கூடாது.

இங்கிலாந்துக்கு வருவோம். ‘அல்லது’ என்று எழுதியிருந்தாலும் இரண்டையும் அனுப்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே சேர்க்கை அலுவலகம் உலகம் முழுவதிலுமிருந்து வரும் கோப்புகளைப் பார்க்கிறது. இந்தியாவில் இறுதியாண்டு படித்துக்கொண்டே விண்ணப்பிப்பவரிடம் தொகுப்புத் தாள் இருக்காது. ஐந்து செமஸ்டர் தாள்கள்தான் இருக்கும். அவர்களுக்காகத்தான் ‘எல்லா செமஸ்டர் தாள்களும்’ என்ற தெரிவு. அவர்களுக்கு நிபந்தனையுடன் இடம் கொடுத்துவிட்டு, பிறகு இறுதி ஆவணம் கேட்பார்கள். நீங்கள் முடித்தவர். தொகுப்புத் தாளை முன்னே வைத்தால் வகுப்பும் சி.ஜி.பி.ஏ.யும் உடனே தெரியும். செமஸ்டர் தாள்களைப் பின்னே வைத்தால் மேலும் கேள்வி கேட்டு மின்னஞ்சல் அனுப்பவேண்டிய தேவை அவர்களுக்கு வராது.

ஆனால் இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் தவறுகிற இடம் இருக்கிறது. செமஸ்டர் தாள்கள் எத்தனை? ஆறு செமஸ்டர், ஆகவே ஆறு தாள் என்று எண்ணிவிடுகிறார்கள். அரியருக்குத் தனித்தாள் தரும் பல்கலைக்கழகமாக இருந்தால் உங்களிடம் ஏழு இருக்கவேண்டும். சாவகச்சேரியிலிருந்து ஒரு தங்கை என்னிடம் வந்திருந்தார். எல்லாத் தகுதியும் இருந்தும் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ‘உங்கள் பட்டம் நிறைவடையவில்லை எனத் தெரிகிறது’ என்று கடிதம் வந்ததாக அழாக்குறையாகச் சொன்னார். அவர் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன். ஆறு தாள்கள் ஒழுங்காக இருந்தன. நான்காம் செமஸ்டர் தாளில் ஒரு பாடம் தோல்வி என்று இருந்தது. அது தேறிய தாள் கோப்பில் இல்லை. விசாரித்தால், அந்தத் தாள் அரைத்தாள் அளவில் ஒரே ஒரு பாடத்தோடு வந்ததால் அதை முக்கியமற்றது என்று எண்ணித் தனியே வைத்துவிட்டாராம். தோல்வியைக் காட்டும் தாள் கோப்பில் இருக்கிறது, வெற்றியைக் காட்டும் தாள் அலுமாரியில் கிடக்கிறது. அதையும் தொகுப்புத் தாளையும் அனுப்பிய பிறகே காரியம் நடந்தது. அவ்வளவு நாள் அந்தப் பிள்ளை பட்ட மனவருத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே தாள்களை செமஸ்டர் எண்ணின் வரிசையில் அடுக்காதீர்கள். தேர்வு நடந்த மாத வரிசையில் அடுக்குங்கள். 2022 நவம்பர் தாளுக்கு அடுத்து 2023 ஏப்ரல் நான்காம் செமஸ்டர் தாள், அதற்கு அடுத்து அதே ஏப்ரலில் வந்த அரியர் தாள். வாசிப்பவர் ஒரு பக்கத்தில் தோல்வியைப் பார்த்தால் இரண்டு பக்கம் தாண்டியதும் தேர்ச்சியைப் பார்த்துவிடவேண்டும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி `Marksheets_All.pdf` என்பதுபோல் எளிய பெயர் இடுங்கள். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்தையும் ஸ்கான் செய்யுங்கள். கிரேடு எழுத்துகளின் பொருளும் வகுப்பு தீர்மானிக்கும் விதியும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கும். அது இல்லாமல் அங்குள்ளவருக்கு உங்கள் எழுத்துகள் வெறும் எழுத்துகளே.

அடுத்தது, விண்ணப்பப் படிவத்தில் நிரப்பும் எண். தொகுப்புத் தாள் கையில் இல்லாதவர்கள் ஆறு செமஸ்டர் ஜி.பி.ஏ.யையும் கூட்டி ஆறால் வகுத்து எழுதிவிடுகிறார்கள். இது பிழை, ஏன் பிழை என்பதை ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். பத்துப் புள்ளி அளவில் ஒருவரின் ஆறு செமஸ்டர் ஜி.பி.ஏ. முறையே 7.0, 7.2, 7.6, 7.5, 7.8, 8.2 என்று வையுங்கள். கூட்டினால் 45.3; ஆறால் வகுத்தால் 7.55. அழகான எண். ஆனால் ஒவ்வொரு செமஸ்டரின் கிரெடிட்டும் ஒன்றல்ல. மொத்தம் 140 கிரெடிட்டில் அவருக்கு 22, 22, 24, 24, 26, 22 என்று பிரிந்திருக்கிறது. அதோடு மூன்றாம் செமஸ்டரில் தோற்ற பாடத்தின் 4 கிரெடிட்டையும் விட்டுவிட்டு, மீதி 20 கிரெடிட்டுக்குத்தான் அந்த 7.6 கணக்கிடப்பட்டிருக்கிறது. தோற்ற பாடத்தை ஜி.பி.ஏ. கணக்கில் சேர்க்காமல் விடுவது பல பல்கலைக்கழகங்களின் முறை. பிறகு அந்தப் பாடத்தில் அவர் 5 புள்ளியில் தேறினார்.

சரியான கணக்கு இப்படி வரும்:

```
22×7.0 + 22×7.2 + 20×7.6 + 4×5.0
+ 24×7.5 + 26×7.8 + 22×8.2 = 1047.6
1047.6 ÷ 140 = 7.48
```

படிவத்தில் 7.55, தொகுப்புத் தாளில் 7.48. சேர்க்கைக்குக் குறைந்தது 7.5 வேண்டும் என்று வைத்திருக்கும் இடத்தில் இது எல்லைக் கோட்டின் இரு பக்கங்கள். எல்லைக் கோடு எதுவும் இல்லாத இடத்தில்கூட, படிவத்தில் ஒன்று ஆவணத்தில் வேறொன்று என்றால் சரிபார்ப்பவர் அதைத் தவறான தகவல் என்றே குறித்துவைப்பார். நீங்கள் வகுத்தலில் தவறினீர்கள் என்று அவர் ஊகிக்கவேண்டிய கடமை இல்லை. ஆகவே தொகுப்புத் தாளில் அச்சான எண்ணை மட்டும் எழுதுங்கள். பத்தால் பெருக்கி விழுக்காடாக மாற்றுவது, இங்குள்ள நான்கு புள்ளி அளவுக்கு மாற்றுவது ஆகியவற்றை நீங்களாகச் செய்யவேண்டாம். படிவம் கட்டாயமாகக் கேட்டால், உங்கள் பல்கலைக்கழகம் தாளின் பின்பக்கத்தில் தந்திருக்கும் மாற்று விதியைப் பின்பற்றி, எந்த விதி என்பதையும் குறிப்பிடுங்கள்.

கனடாவுக்குப் போகும் எண்ணம் பின்னால் வந்தால் கதை மாறும். குடிவரவுக்கான கல்வி மதிப்பீட்டைச் செய்யும் அமைப்புகள், நீங்கள் பதிவேற்றும் ஸ்கானை நம்பி முடிவு சொல்வதில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக, முத்திரையிட்ட உறையிலோ அவர்கள் ஏற்கும் மின்வழியிலோ ஆவணம் வரவேண்டும் என்பார்கள். அந்த உறை உங்கள் கைக்கு வந்து, உள்ளே எல்லாம் சரிதானா என்று பார்க்க ஆவலில் திறந்தால், அதோடு அது பயனற்றதாகிவிடும். நம் வீடுகளில் இது நடக்கிறது. அப்பா அம்மாவுக்கும் சொல்லிவையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டுமானால் விண்ணப்பிக்கும்போதே திறந்த பிரதி ஒன்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டுங்கள். கோயம்புத்தூரில் நண்பர் யாராவது இன்னும் இருக்கிறார் என்றால், அவர் இருக்கும்போதே அதிகாரக் கடிதம் கொடுத்து இரண்டு மூன்று உறைகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து தொலைபேசியில் தேர்வுப் பிரிவைப் பிடிப்பது எத்தனை சிரமம் என்பது அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, தாள்களை லாமினேட் செய்யவேண்டாம். மழைக்கும் கறையானுக்கும் பயந்து நம் ஊரில் எல்லாரும் செய்வது அது. ஆனால் சான்றுப்படுத்தும் அலுவலகங்கள் பலவும் மூலப் பிரதியின் பின்பக்கத்தில்தான் முத்திரை குத்தும். பிளாஸ்டிக் மேல் குத்த முடியாது. அகற்றப் போனால் தாள் கிழியும். ஒரு தாளுக்கு மறுபிரதி எடுப்பதென்றால் தொலைந்ததற்கான பொலிஸ் சான்றும் சத்தியக் கடதாசியும் கேட்பார்கள். கடல் தாண்டி இருந்துகொண்டு இதைச் செய்வது பெரும்பாடு. தெளிவான பிளாஸ்டிக் உறைகளில் தனித்தனியே போட்டு வைத்தால் போதும்.

பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுத் தாள்களில் தலைப்பெழுத்தோடு உங்கள் பெயர் இருக்கும். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முழுமையாக இருக்கும். ஏழு தாள்களிலும் தொகுப்புத் தாளிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். தொகுப்புத் தாளில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருந்தால் அதைத் திருத்த வேண்டியது கல்லூரி வழியாகத்தான். வழங்கிய புதிதில் கேட்டால் எளிதில் முடியும்; ஆண்டுகள் கழித்துக் கேட்டால் பழைய பதிவேட்டைத் தேடவேண்டியிருக்கும்.

உங்களுக்கு நேராகப் பொருந்தாவிட்டாலும் இதை வாசிக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. இந்திய நிறுவனமோ பல்கலைக்கழகமோ உங்களிடம் செமஸ்டர் தாள்கள் கேட்டால் பதறவேண்டாம். உங்கள் ட்ரான்ஸ்கிரிப்ட்டில் பாடங்கள் செமஸ்டர் வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தால் அதுவே விடை. அவர்கள் ஏற்கவில்லையென்றால், தனித்தனி செமஸ்டர் தாள் வழங்கும் நடைமுறை இங்கே இல்லை என்று பதிவாளர் அலுவலகத்திடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கி இணையுங்கள். இணையத்தில் வந்த பெறுபேற்றுப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். முத்திரையும் கையொப்பமும் இல்லாத எதையும் அந்த மேசையில் இருப்பவர் ஏற்கமாட்டார்.

கடைசியாக, தம்பி, இங்கிலாந்துப் படிவத்தில் ‘எப்போதாவது அரியர் இருந்ததா, எத்தனை?’ என்று ஒரு கேள்வி வரலாம். ‘ஆம், ஒன்று’ என்று எழுதுங்கள். பக்கத்தில் இடம் இருந்தால் ‘புள்ளியியல், நவம்பர் 2022, தேறியது ஏப்ரல் 2023’ என்று சேர்த்துவிடுங்கள். தொகுப்புத் தாளின் அந்தச் சிறிய பத்தியும் அரியர் தாளும் இதையே சொல்லும்.